பெட்டியில் முருங்கைக்காய் எங்கே?

போன வாரம் அத்தை போனில் பிடித்துக்கொண்டார். "ஏன்டா, நீ அனுப்புன படத்துல காய்கறிப் பெட்டி 380 ரூபான்னு போட்டிருக்கு. 450 வாங்கிட்டாங்க. முருங்கைக்காயையும் காணோம்!"

நான் அனுப்பியது, திண்டுக்கல் பக்கத்து உழவர் உற்பத்தியாளர் குழு ஒன்று இன்ஸ்டாகிராமில் போட்ட படத்தொகுப்பிலிருந்து ஒரு படம். தொகுப்பைத் தள்ளித் தள்ளிப் பார்த்தால் எட்டுப் படங்கள். இரண்டாவதில் விலை, ஐந்தாவதில் மதுரைக்கு வண்டி வரும் நாள், எட்டாவதில் ஆர்டர் செய்யும் விதம். நான் சித்திரையில் அனுப்பியது அந்த விலைப் படம் ஒன்றை மட்டும்தான். அத்தை அதைக் கார்த்திகையில் தேடி எடுத்திருக்கிறார். அந்தப் படத்தில் தேதியே இல்லை.

நம் ஊரில் யாரும் எட்டுப் படத்தையும் அனுப்புவதில்லை. ஒன்றை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்பில் தள்ளிவிடுவோம். அதனால் விலை இருக்கும் படத்திலேயே அது எந்த வாரத்து விலை, எந்த எண்ணில் ஆர்டர் சொல்வது என்பதும் இருக்க வேண்டும். வயலும் சூரிய உதயமும் முதல் படத்தோடு போதும்.

முருங்கைக்காய் விஷயத்தில் எனக்குக் குழுவின் மேல்தான் வருத்தம். 'முருங்கைக்காய் 6, தக்காளி 1 கிலோ' என்று பெயர் சொல்லி எழுதிவிட்டார்கள். சித்திரையில் மரம் கொள்ளாமல் காய்க்கும், கொடுக்கலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் பூ கொட்டிவிடும். அப்போது எழுதியபடி கொடுக்க வேண்டுமானால் சந்தையில் ஏறின விலைக்கு வாங்கித்தான் பெட்டியை நிரப்ப வேண்டும். சொந்தத் தோட்டத்துக் காய் என்று சொல்லி விற்கும் குழு அதைச் செய்யலாமா? அவர்கள் செய்யவில்லை, பதிலாகப் பீர்க்கங்காய் வைத்தார்கள். சரிதான், ஆனால் முன்கூட்டியே சொல்லவில்லை.

காயின் பெயருக்குப் பதில் வகையையும் எடையையும் எழுதியிருந்தால் இந்தச் சண்டையே வந்திருக்காது. கொடிக்காய் ஒன்றரைக் கிலோ, கிழங்கு 1 கிலோ, கீரை 2 கட்டு, இப்படி. புடலையோ பீர்க்கோ பாகலோ, எது விளைகிறதோ அது. இந்த வாரம் என்ன காய் என்பதைப் புதன்கிழமை ஸ்டேட்டஸில் போட்டால் போதும். 'ஃபேமிலி பாக்ஸ்' என்று மட்டும் போட்டால் யார் குடும்பத்துக்கு எத்தனை நாளைக்கு என்று எப்படித் தெரியும்?

எட்டாவது படத்தில் இன்னொன்றும் விட்டுப்போயிருக்கிறது. பெட்டி வருவது சனிக்கிழமை காலை. வியாழன் மதியத்தோடு ஆர்டரை மூடிவிடுகிறார்கள், ஏன் என்று ஒரு வரி இல்லை. விசாரித்தேன். எத்தனை பெட்டி என்று தெரிந்த பிறகுதான் எந்தத் தோட்டத்தில் எவ்வளவு பறிப்பது என்று பிரித்துச் சொல்வார்களாம். வெள்ளி சாயங்காலம் காய் பறிப்பு, கீரை மட்டும் சனி விடியற்காலையில். வெள்ளி இரவு 'அண்ணே, ஒரு பெட்டி சேத்துக்கங்க' என்றால் அது இன்னொருவர் பெட்டியிலிருந்துதான் குறையும். இதை அப்படியே எழுதியிருந்தால் நானே புதன்கிழமை சொல்லியிருப்பேன். நானும் ஒருமுறை வெள்ளி இரவு கேட்டவன்தான்.

அத்தை பீர்க்கங்காய்த் தோலில் துவையல் அரைத்துவிட்டார். ஆனால் 70 ரூபாய்க் கணக்கு இன்னும் என் பேரில்தான் நிற்கிறது.