வேளச்சேரி மேம்பாலத்தில் நின்ற கார்கள்

ஐப்பசியில் வானிலை மையம் 'ரெட் அலர்ட்' என்று சொன்ன அடுத்த நிமிடம் என் போன் அடிக்க ஆரம்பித்துவிடும். கார் இன்சூரன்ஸ் ஏஜென்ட் பிழைப்பு அப்படி. "சார், அந்த இன்ஜின் புரொடெக்ட் இன்னைக்கே போட்டுடலாமா?" கேட்பவர்கள் வேளச்சேரி, மடிப்பாக்கம், பள்ளிக்கரணை, முடிச்சூர்க்காரர்கள். பரங்கிமலை மேட்டில் இருக்கும் என் வாடிக்கையாளர் ஒருவர்கூட இதுவரை கேட்டதில்லை.

முடியாது, ரினீவல் சமயத்தில்தான் சேர்க்க முடியும் என்பேன். "காசு வாங்க மட்டும் தெரியுது" என்று கோபிப்பார்கள்.

சாதாரண முழு பாலிசியிலேயே வெள்ளச் சேதத்துக்குப் பணம் உண்டு. ஆனால் தண்ணீரில் நிற்கும் காரை ஸ்டார்ட் செய்து, சிலிண்டருக்குள் தண்ணீர் போய் இன்ஜின் உடைந்தால், அது வெள்ளத்தால் வந்ததல்ல, நீங்கள் சாவியைத் திருப்பியதால் வந்தது என்று கம்பெனி ஒதுங்கிக்கொள்ளும். அந்த ஓட்டையை அடைப்பதுதான் இன்ஜின் புரொடெக்ட்.

இதை யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம் என்றால் என்ன ஆகும்? ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்ப்போம். நூறு கார்கள். இருபது பள்ளத்தில், எண்பது மேட்டில். இன்ஜின் போனால் செலவு 1,50,000 ரூபாய். பள்ளத்துக் காருக்கு அது பத்து வருடத்தில் ஒரு முறை நடக்கும் என்றால், வருடத்துக்கு 15,000 ரூபாய் ஆபத்து. மேட்டுக் காருக்கு ஐந்நூறு வருடத்தில் ஒரு முறை, அதாவது 300 ரூபாய். யார் எங்கே நிறுத்துகிறார் என்பது கம்பெனிக்குத் தெரியாது. பழைய கட்டண அட்டவணையில் சென்னை முழுவதும் ஒரே 'ஏ' மண்டலம்தான், தெருவுக்குத் தெரு விலை கிடையாது. எல்லோருக்கும் சராசரி போட்டால் 3,240 ரூபாய். மேட்டுக்காரர் பார்ப்பார்: 300 ரூபாய் ஆபத்துக்கு மூவாயிரமா? பாதிப்பேர் விலகுவார்கள். மிச்சமுள்ள அறுபது பேருக்குச் சராசரி 5,200 ஆகிவிடும். அதைப் பார்த்து இன்னும் சிலர் போவார்கள். கடைசியில் பள்ளத்துக்காரர்கள் இருபது பேர் மட்டும், ஆளுக்கு 15,000. அந்த விலைக்கு அவர்களே வாங்க மாட்டார்கள். இதைத்தான் அட்வர்ஸ் செலக்‌ஷன் என்கிறார்கள். யாரும் பொய் சொல்லவில்லை, அவரவர் தெருவை அவரவர் அறிந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். புயல் வாசலுக்கு வந்தபிறகு கவரை விற்காமல் இருப்பதும், பாலிசி காலாவதியாகிவிட்டால் காரை நேரில் பார்த்துவிட்டுப் புதுப்பிப்பதும் இதற்காகத்தான்.

வாங்கிய பிறகு நடப்பது வேறு கதை. மடிப்பாக்கத்தில் என் வாடிக்கையாளர் ஒருவர். கவர் இல்லாத காலத்தில் மழை தூறினாலே வண்டியை மேட்டுக்குக் கொண்டுபோய்விடுவார். கவர் எடுத்த வருடம்தான் 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். "அதான் இருக்கேண்ணா" என்று தூங்கிவிட்டார். காலையில் முழங்கால் தண்ணீரில் நின்ற காரை ஸ்டார்ட் வேறு செய்து பார்த்தார். சர்வேயர் ஏர் ஃபில்டரைக் கழற்றினார், நனைந்திருந்தது. ஆயில் குச்சியை உருவினால் ஆயில் பால் கலந்த டீ மாதிரி. உள்ளே கனெக்டிங் ராட் வளைந்திருந்தது. சும்மா நின்ற இன்ஜினில் அது வளையாது, சுற்றினால்தான் வளையும். கவர் இருந்ததால் பணம் வந்தது. ஆனால் இந்த அலட்சியத்துக்குத்தான் மாரல் ஹசார்ட் என்று பெயர்.

இதற்குக் கம்பெனி வைத்திருக்கும் கடிவாளம் இரண்டு. ஒன்று, ஒவ்வொரு க்ளெய்மிலும் நம் கையிலிருந்து போகும் கட்டாயத் தொகை, காரைப் பொறுத்து 1,000 அல்லது 2,000 ரூபாய். இதற்கு யாரும் பயப்படுவதில்லை. இன்னொன்று நோ க்ளெய்ம் போனஸ். அதுதான் வலிக்கும். க்ளெய்ம் இல்லாமல் ஓட்டினால் 20, 25, 35, 45 என்று ஏறி ஐந்தாம் வருடம் 50 சதவீதத் தள்ளுபடி. ஒரே க்ளெய்மில் பூஜ்யம். சொந்தச் சேதப் பிரீமியம் 12,000 என்றால், 6,000 கட்டிக்கொண்டிருந்தவர் அடுத்த வருடம் முழுதும் கட்ட வேண்டும், ஏணியில் முதல் படியிலிருந்து ஏற வேண்டும். கோடு விழுந்ததற்கெல்லாம் ஜனங்கள் க்ளெய்ம் போடாததன் ரகசியம் இதுதான்.

ஆனால் ஒரு சிக்கல். கவர் எடுத்தவர்கள் அதிகம் க்ளெய்ம் போடுகிறார்கள் என்று கோப்பைப் பார்த்தால் தெரியும். அவர்கள் பள்ளத்தில் இருப்பதாலா, எடுத்தபின் அசட்டையானதாலா என்று அந்த எண்ணிக்கை சொல்லாது. அதே ஆள், அதே தெரு, கவருக்கு முன்னும் பின்னும் எப்படி என்று பார்த்தால்தான் பிரிக்க முடியும். மடிப்பாக்கத்துக்காரர் விஷயத்தில் எனக்குத் தெரிந்தது அதனால்தான்.

இதைச் சொல்லிவிட்டு, கவர் எடுத்தவனெல்லாம் சோம்பேறி என்று முடிவு கட்டினால் அதுவும் தப்பு. 2024 அக்டோபர் எச்சரிக்கையின்போது வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கார்கள் நின்றதே, அதில் என் வாடிக்கையாளர்களின் வண்டி ஆறு இருந்தது. ஐந்தில் இன்ஜின் புரொடெக்ட் இருக்கிறது. பயப்படுகிற ஆள் கவரும் எடுப்பார், மேம்பாலமும் ஏறுவார். பாடப்புத்தகக் கணக்கு இவர்களிடம் தலைகீழாகிவிடுகிறது.

அந்த ஐந்தில் ஒன்று மடிப்பாக்கத்துக்காரருடையது. போன வாரம் கூப்பிட்டார். "அண்ணா, மேம்பாலத்துல நிறுத்துனதுக்கு போலீஸ் ஃபைன் போட்டா, அதுக்கு ஏதாவது ஆட்-ஆன் இருக்கா?"

இல்லை என்றேன்.