பதிப்பு வருஷத்தைக் கேட்டால் பின்னட்டையை அனுப்புகிறார்கள்

பழைய குரூப் 4 கைடு விற்கிறவர்களுக்கு ஒரு கும்பிடு. "லேட்டஸ்ட் கைடு, சூப்பர் கண்டிஷன், பாதி விலை" என்று போடத் தெரிகிறது. எந்த வருஷத்துப் பதிப்பு என்று நாலு இலக்கம் தட்ட மட்டும் விரல் வராது.

நேற்று ஒரு தம்பியிடம் தங்கை மகளுக்காகக் கேட்டேன். "எந்த வருஷம் தம்பி?" "புதுசுதான் அண்ணா." "புதுசு சரி, வருஷம்?" "போன வருஷம் வாங்கினது அண்ணா." நீ வாங்கின வருஷம் எனக்கு எதுக்குப்பா, அச்சடித்த வருஷம்தானே வேணும்! அட்டைக்கு அடுத்த பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். பின்னட்டை வந்தது. அது இல்லை தம்பி, முன்னட்டையைத் திருப்பினால் பதிப்பகம், விலை எல்லாம் சின்ன எழுத்தில் இருக்குமே, அது என்றேன். முன்னட்டை வந்தது, அதுவும் வருஷம் இருக்க வேண்டிய மூலையில் கட்டைவிரல். அரை மணி நேரம் இப்படியே ஓடி, கடைசியில் அந்தப் பக்கமும் வந்தது. "மறுபதிப்பு 2023" என்று இருந்தது. தம்பிக்கு ஒரே சந்தோஷம், "பாத்தீங்களா அண்ணா, 2023!"

மறுபதிப்பு என்றால் பழைய பக்கத்தையே திரும்ப அச்சடித்தது என்றும் இருக்கலாம். திருத்திய பதிப்பு எந்த வருஷம் என்பதுதான் கேள்வி. அதனால் பொருளடக்கத்தைக் கேட்டேன். வந்தது. அதில் கொட்டை எழுத்தில் "பொது ஆங்கிலம்".

அட ராமா. குரூப் 4-ல் பொதுத்தமிழா பொது ஆங்கிலமா என்று தேர்ந்தெடுக்கிற காலம் 2022 தேர்வோடு மலையேறிவிட்டது. இப்போது எல்லோருக்கும் தமிழ்தான், 100 கேள்வி, 150 மதிப்பெண். அதில் 60 எடுக்கவில்லையென்றால் பொது அறிவும் கணக்கும் இருக்கிற மற்ற 100 கேள்வியைத் திருத்தவே மாட்டார்கள். இந்தப் புத்தகத்தில் கால்வாசி, நடக்காத தேர்வுக்கு!

சரி, தமிழ்ப் பகுதியாவது தேறுமா என்று பார்த்தால் இலக்கணம், இலக்கியம், தமிழ் அறிஞர்களும் தமிழ்த் தொண்டும் என்று பழைய மூன்று பகுதிகள். 2025 தேர்வுக்கே பாடத்திட்டத்தை மாற்றிவிட்டார்களே. எழுதும் திறன், கலைச்சொற்கள், வாசித்தல் என்று தனித்தனி அலகுகள் வந்துவிட்டன, இலக்கியமும் அறிஞர்களும் சேர்ந்தே 15 கேள்விக்குச் சுருங்கிவிட்டார்கள். பொருளடக்கத்தை ஒரு படம் போட்டிருந்தால் இதெல்லாம் ஒரு நொடியில் தெரிந்திருக்கும். "சிலபஸ் எல்லாம் சேம்தான் அண்ணா" என்கிறான். எதோடு சேம்?

மொழியைக் கேட்டால் "ரெண்டும் இருக்கு" என்றான். அட்டை தமிழ், உள்ளே பொது அறிவு முழுக்க ஆங்கிலம். ஆமாம், ரெண்டும் இருக்கிறதுதான்.

கைடோடு மாதிரித் தேர்வுக் கட்டு ஒன்று இலவசமாம். விடை இருக்கா? "இருக்கு அண்ணா." எங்கே? "கேள்வியிலேயே டிக் அடிச்சிருக்கேன்." இவன் அடித்த டிக்! விடைகள் தனிப் புத்தகமாக வந்ததாம், அது தொலைந்துவிட்டதாம். கேள்விகளைப் பார்த்தால் A முதல் D வரை நாலே விருப்பங்கள். "விடை தெரியவில்லை" என்று E வந்தே வருஷக்கணக்காகிறது, அதுவே இல்லையென்றால் கட்டு எந்தக் காலத்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள். விடைப் புத்தகமே இருந்தாலும் இன்னொரு தலைவலி உண்டு. முந்தைய வருஷ வினாத்தாளை அவசரமாக அச்சடிக்கிறவர்கள் தேர்வாணையத்தின் உத்தேச விடையைப் போட்டு முடித்துவிடுவார்கள். ஆட்சேபம் வாங்கி, இறுதி விடையில் சிலது மாறிய பிறகும் பழையதே தொடரும். எந்த விடை என்று போடுகிற விற்பனையாளர் எந்த உலகத்தில் இருக்கிறாரோ.

இவ்வளவுக்கும் நான் கேட்பது ஒரே ஒரு வரி. "குரூப் 4, 2025 திருத்திய பதிப்பு, புதிய பாடத்திட்டம், தமிழ் வழி, விடைப் பக்கங்கள் முழுசாக இருக்கின்றன, பென்சில் கோடு உண்டு." முடிந்தது. பழசு என்றால் பழசு என்று போடுங்களேன், ஆறாம் வகுப்புக் கணக்குக்கும் வரலாற்றுக்கும் பழைய கைடே போதும் என்று வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள், எடைக்குப் போடுகிற விலையைவிட நாலு காசு கூடவே கிடைக்கும்.

புதுசே வாங்கிவிடலாம் என்று கடைக்குப் போனேன். அங்கே கைடு பிளாஸ்டிக் உறைக்குள். "பிரிச்சா வாங்கிடணும் சார்." வாங்கிப் பிரித்தேன். பதிப்பு வருஷத்தின் மேலேயே விலை ஸ்டிக்கர். உரித்தால் தாளோடு வருஷமும் வந்துவிட்டது. அந்த ஸ்டிக்கருக்குப் போடுகிற பசையில் கொஞ்சம் பைண்டிங்குக்கும் போட்டால் என்ன கேடு? முதல் நாளே நடுவில் பதினாறு பக்கம் கையோடு வருகிறது.