தைரொயிட் ரிப்போட்டும் முடிக் குளிசையும்

“பயோட்டின் வெறும் விற்றமின்தானே, இரத்தப் பரிசோதனைக்கு முன் ஏன் நிறுத்த வேண்டும்?”

கல்முனையில் என் மச்சாளுக்கு நடந்ததைச் சொல்கிறேன். ரிப்போட்டில் தைரொயிட்டைத் தூண்டும் ஹோர்மோனான டி.எஸ்.எச். மிகக் குறைவு, தைரொயிட் ஹோர்மோனான எப்.டி.4 மிக அதிகம்; தைரொயிட் அளவுக்கு மீறி வேலை செய்வதுபோல. ஆனால் படபடப்பில்லை, மெலிவுமில்லை. டொக்டர் கேட்ட பிறகுதான் முடிக்கென்று குடித்த பயோட்டின் குளிசையைச் சொன்னா: 10,000 மைக்ரோகிராம். ஒரு நாளைக்குத் தேவை சுமார் 30தான்!

சில மெசின்கள் பயோட்டினைப் பசைபோல வைத்தே ஹோர்மோனைப் பிடித்து அளக்கின்றன. இரத்தத்தில் மிதக்கும் பயோட்டின் அந்த இடத்தை அடைத்துவிட்டால் ஒன்று குறைத்தும் மற்றது கூட்டியும் காட்டும். மூன்று நாள் நிறுத்தி மீண்டும் பார்த்தோம், இரண்டும் சரி. மாரடைப்புக்குப் பார்க்கும் ட்ரோபோனினும் இப்படிப் பொய்யாகக் குறையலாம். அங்கே நிறுத்திப் பார்க்க நேரமிராது, குளிசையை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.