தாமதமாக வருபவருக்கு ஒரு மெமோ எழுதுவது பற்றி

கோவையில் 70 பேர் வேலை செய்யும் ஒரு மெஷின் ஷாப்பில் பணியாளர் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். ஜூலை முதல் வாரம் எங்கள் சூப்பர்வைசர் ஒரு மெமோவை எழுதிக்கொண்டு வந்து கையெழுத்து கேட்டார். "தாங்கள் தொடர்ந்து பொறுப்பற்ற முறையில் தாமதமாக வருகிறீர்கள். பலமுறை சொல்லியும் திருந்தவில்லை. இனியும் இப்படி நடந்தால் வேலையிலிருந்து நீக்கப்படுவீர்கள்." அவ்வளவுதான். நான் கையெழுத்துப் போடவில்லை.

அவருடைய கோபம் நியாயமானது. அந்தத் தொழிலாளி சி.என்.சி. லேத் ஓட்டுபவர், காலை 6 மணி ஷிப்ட். அவர் வந்தால்தான் இரவு ஷிப்ட் ஆள் மெஷினை விட்டு இறங்க முடியும். இரவு முழுக்க நின்றவர் இன்னும் அரை மணி நேரம் வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். வீட்டுக்குப் போகும் பஸ்ஸும் போய்விடுகிறது. தாமதத்தை "கம்பெனிக்கு நஷ்டம்" என்று மட்டும் பேசுகிறவர்கள் இந்த இரவு ஷிப்ட் ஆளை மறந்துவிடுகிறார்கள். கடிதம் தேவைதான், ஆனால் அந்தக் கடிதம் இல்லை.

அதில் ஒரு தேதிகூட இல்லை. "பொறுப்பற்ற" என்பது ஒருவருடைய குணத்தைப் பற்றிய தீர்ப்பு. அதற்கு அவர் என்ன பதில் சொல்ல முடியும்? "ஜூன் 11 அன்று 6:40-க்கு வந்தீர்கள்" என்றால் ஆம், இல்லை என்று சொல்லலாம், காரணமும் சொல்லலாம். தொழிற்சாலை வேலை விதிகளுக்கான 1946-ஆம் ஆண்டு நிலையாணைச் சட்டத்தின் கீழ் வந்த மாதிரி நிலையாணைகளில் ஒழுங்கீனம் என்று இருந்தது "வழக்கமாகத் தாமதமாக வருவது". வழக்கம் என்பதைத் தேதிகளை அடுக்கித்தான் காட்ட முடியும்.

அதனால் முதலில் பஞ்ச் மெஷின் பதிவை எடுத்தேன். ஜூனில் 9 நாள் தாமதம் என்று காட்டியது. வாட்ச்மேன் எழுதும் கேட் நோட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது இரண்டு நாள் எங்கள் கம்பெனி வேனே 6:20-க்குத்தான் வந்திருக்கிறது. அது அவர் தப்பே இல்லை. இன்னொரு நாள் 7 நிமிடம். பஞ்ச் மெஷின் கடிகாரமோ 4 நிமிடம் வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. கழித்தால் 3 நிமிடம், நாங்கள் எல்லோருக்கும் தரும் 5 நிமிடச் சலுகைக்குள் வந்துவிடுகிறது. மற்ற நாட்களிலும் அந்த 4 நிமிடத்தைக் கழித்த பிறகு மிஞ்சியது 6 நாள், மொத்தம் 160 நிமிடம். 9 என்றே எழுதியிருந்தால் அவர் அந்த மூன்றைப் பிடித்துக்கொண்டு மற்ற ஆறையும் பொய்யாக்கியிருப்பார். அப்படிச் செய்ய அவருக்கு முழு உரிமையும் இருந்திருக்கும்.

அதே ஷிப்டில் இருக்கும் மற்றவர்களின் பதிவையும் பார்த்தேன். இன்னொருவர் 5 நாள் தாமதம். அவர் சூப்பர்வைசரோடு நன்றாகப் பழகுகிறவர், அவருக்கு எந்தப் பேச்சும் போகவில்லை. அவரையும் கூப்பிட வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

அப்புறம் விளக்கம் கேட்டு ஒரு கடிதம், மூன்று நாள் அவகாசம். எங்கள் ஆபீஸில் இதையெல்லாம் ஆங்கிலத்தில் அடிப்பதுதான் பழக்கம். நான் தமிழில் கொடுத்தேன், ஏனென்றால் படிக்க வேண்டியவர் அவர். பதிலும் தமிழில் ஒரு பக்கம் வந்தது. மனைவிக்கு மில்லில் இரவு வேலை, வீடு திரும்ப 5:45 ஆகிவிடும். குழந்தைக்கு மூன்று வயது. பார்த்துக்கொண்டிருந்த அம்மா ஏப்ரலில் ஊருக்குப் போய்விட்டார். மில் பஸ் தாமதமானால் இவரும் தாமதம். நேரில் உட்கார வைத்துக் கேட்டேன். "இதை ஏன் முன்னாடியே சொல்லலீங்க?" "சொன்னா ஷிப்ட்டை மாத்திருவீங்கன்னு பயமுங்க மேடம். இரவு ஷிப்ட்டுன்னா ரெண்டு பேரும் வீட்டுல இருக்க மாட்டோம்."

இந்தக் கதையைக் கேட்டதும் சிலர் என்னிடம் சொன்னார்கள்: காரணம் உண்மை என்று தெரிந்த பிறகு மெமோ எதற்கு, கருணையோடு விட்டுவிடலாமே? நான் இதை ஒப்புக்கொள்ளவில்லை. காரணம் உண்மைதான், ஆனால் ஆறு நாளில் ஒரு நாள்கூட அவர் போன் செய்யவில்லை. 5:30-க்கு ஒரு போன் வந்திருந்தால் இரவு ஷிப்ட் ஆளிடம் கேட்டு ஏற்பாடு செய்திருக்கலாம். கருணை என்று விட்டுவிட்டால் என்ன நடக்கும் என்பதையும் பார்த்திருக்கிறேன். ஒரு வருடம் வாயால் திட்டிக்கொண்டே இருப்பார்கள், எதுவும் பேப்பரில் இருக்காது, ஒருநாள் முதலாளி கோபத்தில் "நாளையிலிருந்து வராதே" என்பார். கடிதம் தொழிலாளிக்கும் ஒரு பாதுகாப்பு. பழைய தவறுகளைத் தண்டனைக்குக் கணக்கில் எடுப்பதானால் அதை நோட்டீசிலேயே சொல்லி, பதில் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும் என்று அரசு ஊழியர் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது: மைசூர் அரசு எதிர் மஞ்சே கவுடா. தனியார் கம்பெனிக்கும் அதுதான் நியாயம் என்பது என் எண்ணம்.

கடைசியில் போன கடிதம் இதுதான்:

"ஜூன் 3, 6, 11, 17, 20, 26 ஆகிய ஆறு நாட்களில் முறையே 18, 25, 40, 22, 35, 20 நிமிடங்கள் தாமதமாக வந்துள்ளீர்கள். தங்கள் விளக்கத்தைப் படித்தோம். குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேண்டிய நிலையை ஏற்கிறோம். ஆனால் ஒரு நாளும் முன்கூட்டித் தகவல் தரவில்லை என்பதையும், அதனால் சக தொழிலாளி ஷிப்ட் முடிந்தும் நிற்க வேண்டியிருந்தது என்பதையும் ஏற்க முடியாது. தங்கள் சம்மதத்தின் பேரில் ஜூலை 15 முதல் இரண்டு மாதங்களுக்குக் காலை 8:30 பொது ஷிப்ட் தரப்படுகிறது. தவிர்க்க முடியாத தாமதம் என்றால் ஷிப்ட் தொடங்க அரை மணி முன்பே சூப்பர்வைசருக்குப் போன் செய்ய வேண்டும். தகவல் இல்லாமல் ஒரே மாதத்தில் மூன்று நாள் தாமதமானால் முறைப்படி விசாரணை தொடங்கும். ஆறு மாதம் ஒழுங்காக வந்தால் இக்கடிதம் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படாது."

"நீக்கப்படுவீர்கள்" என்ற வார்த்தையை வேண்டுமென்றே எடுத்தேன். விசாரணை இல்லாமல் நாங்கள் செய்ய முடியாததை எழுதினால் அது வெறும் மிரட்டல். செய்வதை மட்டும் எழுதினால்தான் அடுத்த முறை செய்ய முடியும்.

சம்பளப் பிடித்தத்தில்தான் பெரிய சண்டை. "மூன்று லேட்டுக்கு அரை நாள் கட்" என்று எங்கள் இடத்தில் நெடுநாள் பழக்கம். அவருக்கு 8 மணி நேரத்துக்கு நாள் கூலி 640 ரூபாய், அதாவது மணிக்கு 80. 160 நிமிடத்துக்கு 213 ரூபாய் வருகிறது. பழைய பழக்கப்படி ஆறு லேட்டுக்கு இரண்டு அரை நாள், 640 ரூபாய் போயிருக்கும். வேலைக்கு வராத நேரத்தின் விகிதத்துக்கு மேல் பிடிக்கக் கூடாது என்று 1936-ஆம் ஆண்டு சம்பளப் பட்டுவாடாச் சட்டமே சொன்னது. 2019 ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அது அப்படியே இருக்கிறது. அபராதம் என்பது வேறு, அதற்கு முன்அறிவிப்பு, விளக்கம் கேட்பது, 3 சதவீத வரம்பு எல்லாம் உண்டு. அக்கவுண்ட்ஸ் தம்பி முணுமுணுத்தார், ஆனால் 213-தான் பிடித்தோம்.

கடிதத்தைக் கொடுத்தபோது அவர் பேனாவைத் தொடவே தயங்கினார். கையெழுத்துப் போட்டால் தப்பை ஒத்துக்கொண்டதாகிவிடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பல இடங்களில் இங்கேதான் சண்டை வருகிறது. நகலின் கீழே "பெற்றுக்கொண்டேன்" என்று மட்டும்தான் இருந்தது, அதைப் படித்துக் காட்டினேன். அதன் கீழேயே தன் மறுப்பை எழுதிக்கொள்ளலாம் என்றும் சொன்னேன். எதுவும் எழுதாமல் கையெழுத்திட்டார்.

ஆகஸ்டில் ஒரு நாள் 12 நிமிடம் தாமதம். காலை 7:50-க்கே போன் வந்துவிட்டது. 12 நிமிடக் கூலியைப் பிடித்தோம், வேறு கடிதம் எதுவும் போகவில்லை.