மூன்று லென்ஸ், நான்கு பொத்தான்

போன வாரம் மச்சான் புது போன் வாங்கப் போனபோது என்னையும் துணைக்கு இழுத்துக்கொண்டு போனார். கடைப் பையன் ஒரு போனை எடுத்துக் காட்டி, "சார், இதுல 2x ஆப்டிகல் ஜூம் இருக்கு" என்றான். திருப்பிப் பார்த்தேன். பின்னால் இரண்டே கேமரா. ஒன்று மெயின், இன்னொன்று அல்ட்ராவைடு. "அந்த 2x லென்ஸ் எங்கப்பா இருக்கு?" என்று கேட்டேன். "உள்ள இருக்கு சார்" என்றான்.

அவனைக் குறை சொல்ல மாட்டேன். விளம்பரமே அப்படித்தான் பேசுகிறது. ஆனால் உள்ளே லென்ஸ் எதுவும் இல்லை. படத்தின் நடுப்பகுதியை வெட்டி எடுக்கிறார்கள், அவ்வளவுதான். இழப்பே இல்லாதது என்ற பொருளில் "லாஸ்லெஸ் ஜூம்" என்று இதற்குப் பெயர் வைத்தது முழுப் பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை. எந்த அளவுக்கு உண்மை என்று பார்க்க ஐபோன் 14 ப்ரோவை எடுத்துக்கொள்வோம். 2022-இல் வந்தது. பின்னால் மூன்று லென்ஸ், திரையில் நான்கு பொத்தான்: .5, 1, 2, 3. லென்ஸ் இல்லாத பொத்தான் 2.

ஒளியைப் படமாக்கும் அதன் மெயின் சென்சாரில் 48 மெகாபிக்சல், அதாவது 8064 × 6048. சாதாரணமாக 1x-இல் எடுத்தால் நமக்குக் கிடைப்பது 12 மெகாபிக்சல் படம். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் நான்கு பிக்சல்களைச் சேர்த்து ஒன்றாக்குகிறார்கள். 2x அழுத்தினால் சேர்ப்பதை நிறுத்திவிட்டு, நடுவில் இருக்கும் 4032 × 3024 பிக்சல்களை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். அதுவும் 12 மெகாபிக்சல்தான். இல்லாத பிக்சலைக் கணக்குப் போட்டு நிரப்பி இழுக்கவில்லை. அந்த அர்த்தத்தில் "லாஸ்லெஸ்" சரி.

இழப்பு வேறு இடத்தில் இருக்கிறது. இப்போது படம் சென்சாரின் கால்வாசிப் பரப்பிலிருந்து வருகிறது. 1x படத்தில் நான்கு பிக்சல் சேர்ந்து சொன்ன விஷயத்தை இங்கே ஒரே பிக்சல் தனியாகச் சொல்ல வேண்டும். வெயிலில் அது பெரிதாகத் தெரியாது. கல்யாண மண்டபத்தின் மஞ்சள் வெளிச்சத்தில் மாமாவின் முகம் மெழுகு பூசினாற்போல் வருகிறதே, அது இதனால்தான். வெளிச்சம் குறையும்போது படத்தில் வரும் புள்ளிப் புள்ளியான இரைச்சலைத் துடைக்கிறேன் என்று மென்பொருள் தோலின் நுணுக்கத்தையும் சேர்த்துத் துடைத்துவிடுகிறது.

இன்னொன்று, நிறம். இந்த வகை சென்சாரில் ஒவ்வொரு பிக்சலுக்கும் தனி வண்ண வடிகட்டி கிடையாது. நான்கு பிக்சல் கொண்ட ஒரு சின்னச் சதுரத்துக்கு ஒரே நிறம். நான்கையும் சேர்க்கும்போது இது அழகாகப் பொருந்தும். தனித்தனியாகப் பிரிக்கும்போது மற்ற நிறங்களைத் தள்ளியிருக்கும் பிக்சல்களிடம் கேட்டு ஊகிக்க வேண்டியிருக்கிறது. பட்டுப்புடவையின் பொடிக் கட்டம், தூரத்துக் கம்பி வலை போன்றவற்றை 2x-இல் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். இல்லாத நிறமோ பின்னல் கோடுகளோ எங்காவது ஓர் ஓரத்தில் எட்டிப் பார்க்க வாய்ப்பு அதிகம்.

சரி, உண்மையான லென்ஸ் என்ன செய்கிறது? அது காட்சியை ஒளியாகவே பெரிதாக்கி சென்சார் முழுவதும் பரப்புகிறது. ஆனால் இங்கேயும் ஒரு சூட்சுமம் உண்டு. என்னைக் கேட்டால் லென்ஸில் முதலில் பார்க்க வேண்டியது வெளிச்சம் நுழையும் துவாரத்தின் அகலத்தை. குவியத் தூரத்தை, அதாவது தோராயமாக லென்ஸுக்கும் சென்சாருக்கும் இடையில் உள்ள தூரத்தை, f எண்ணால் வகுத்தால் அது வந்துவிடும். 14 ப்ரோ மெயின் லென்ஸின் குவியத் தூரம் 6.86 மி.மீ., f/1.78. வகுத்தால் சுமார் 3.9 மி.மீ. 2x அழுத்தினாலும் துவாரம் அதேதான். இதே சென்சாருக்கு, இதே f எண்ணில், நிஜமான 2x லென்ஸ் வைத்தால் துவாரம் 7.7 மி.மீ. ஆகும். அகலம் இரு மடங்கு, வெளிச்சம் நான்கு மடங்கு. கூடவே குவியத் தூரமும் இரட்டிப்பாகிவிடும், அவ்வளவு தடிமனுக்குப் போனில் இடம் ஏது? வெட்டும் வித்தை வந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்புறம் அந்த 3x லென்ஸ். குவியத் தூரம் 9 மி.மீ., f/2.8. துவாரம் 3.2 மி.மீ. மெயின் லென்ஸைவிடச் சின்னது! ஒரே முகத்திலிருந்து வரும் வெளிச்சத்தில் மெயின் லென்ஸ் நாற்பது சதவீதத்துக்கு மேல் அதிகமாகவே வாங்கிக்கொள்கிறது. வெயிலில் 3x லென்ஸ்தான் ஜெயிக்கும். அதில் 12 மெகாபிக்சல் முழுசாக இருக்கிறது, மெயினை அதே அளவுக்கு வெட்டினால் ஐந்தரை மெகாபிக்சல்கூடத் தேறாது. ஆனால் இருட்டில் மெயினை வெட்டினால் கிடைக்கும் படமே தேவலாம் என்று போன் முடிவு செய்துவிடுகிறது, நாம் 3x பொத்தானை அழுத்தியிருந்தாலும்கூட.

மகளின் பள்ளி ஆண்டு விழாவில்தான் இது எனக்கு உறைத்தது. அப்போது என்னிடம் இருந்தது வேறொரு போன், அதிலும் தூரத்தில் இருப்பதைப் பெரிதாக்கும் டெலிபோட்டோ லென்ஸ் உண்டு. பத்தாவது வரிசையிலிருந்து அவள் ஆடியதை எடுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் சலங்கை எல்லாம் ஒரே கட்டியாகத் தெரிந்தது. லென்ஸ் கெட்டுவிட்டதோ என்று பயந்துபோய்ப் படத்தின் விவரங்களைத் திறந்தேன். இருந்தது மெயின் கேமராவின் f எண். டெலிபோட்டோ அன்று மாலை முழுவதும் சும்மா இருந்திருக்கிறது.

உங்கள் போனிலும் சோதிக்கலாம். ஜூம் பொத்தானை அழுத்திவிட்டு ஒவ்வொரு லென்ஸாக விரலால் மூடுங்கள். எதை மூடும்போது திரை இருட்டாகிறதோ அதுதான் வேலை செய்கிறது. பகலில் ஒருமுறை, மங்கிய விளக்கில் ஒருமுறை செய்து பார்த்தால் விடை மாறலாம். 2.9x-லும் செய்து பாருங்கள். 14 ப்ரோவில் அந்த இடத்தில் மெயினிலிருந்து மிஞ்சுவது 5.8 மெகாபிக்சல், அதை 12 ஆக இழுக்கிறார்கள். பகலில் எடுப்பதாக இருந்தால் ஒரு இழுப்பு கூடுதலாக இழுத்து 3x-க்குப் போய்விடுவது நல்லது.

இந்த வித்தையை நேர்மையாகச் செய்தது 2012-இல் வந்த நோக்கியா 808 என்பேன். 41 மெகாபிக்சல் சென்சார், ஆனால் படம் வழக்கமாக 5 மெகாபிக்சல்தான். ஜூம் செய்யச் செய்ய, சேர்க்கும் பிக்சல்களின் எண்ணிக்கை குறையும். ஒன்றுக்கு ஒன்று என்ற கட்டம் வந்ததும், ஏறக்குறைய 3x-இல், ஜூம் நின்றுவிடும். அதற்குமேல் போகாது. பிக்சலின் அகலமும் 1.4 மைக்ரான், இன்றைய 200 மெகாபிக்சல் சென்சார்களில் இருப்பதைப்போல் 0.6 இல்லை. 0.6 மைக்ரானில் இன்னொரு சிக்கலும் உண்டு. f/1.7 லென்ஸ் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், ஒளியின் இயல்பால் ஒரு புள்ளி சென்சாரில் இரண்டு மைக்ரானுக்கு மேல் வட்டமாகப் பரவும். கிட்டத்தட்ட நான்கு பிக்சல் அகலம். அங்கே 4x வெட்டினால் பிக்சல் எண்ணிக்கை குறையாது, ஆனால் அவற்றில் பலவற்றுக்குப் புதிதாகச் சொல்ல அதிகம் இருக்காது.

மச்சான் கடைசியில் அந்த இரண்டு கேமரா போனையே வாங்கினார். நானும் தடுக்கவில்லை. அவர் எடுப்பதெல்லாம் பகலில், தோட்டத்துப் பூவும் பேரனும். அதற்கு 2x வெட்டு தாராளமாகப் போதும். கடைப் பையனிடம் மட்டும் வெளியே வரும்போது விரலால் மூடும் வித்தையைக் காட்டிவிட்டு வந்தேன். நாங்கள் படியிறங்கும்போது அவன் ஷெல்ஃபில் இருந்த போன்களை ஒவ்வொன்றாக எடுத்து மூடிப் பார்த்துக்கொண்டிருந்தான்.