அடாப்டர் மேல பழி போடுறத முதல்ல நிறுத்துங்க, வயரை பாருங்க

நண்பர் ஒருத்தர் சிசிடிவி கேமரா விஷயமா கூப்பிட்டார். பகல்ல நல்லா ஓடுதாம், இருட்டுனதும் ரீஸ்டார்ட் ஆகுது, மறுபடி வருது, ஒரு நிமிஷத்துல மறுபடி போயிடுது, விடியிற வரைக்கும் இதே கதை. 1 ஆம்ப் அடாப்டரை தூக்கிட்டு 2 ஆம்ப் போட்டுட்டார், அப்புறம் 5 ஆம்ப் போட்டுட்டார், எதுவும் மாறல. இப்ப கேமராவே பழுதுன்னு முடிவு பண்ணி புதுசு வாங்க கிளம்பிட்டார். கொஞ்சம் பொறுங்கன்னு சொல்லி மீட்டரை எடுத்துட்டு போனேன்.

அடாப்டர்ல இருந்து கேமரா வரைக்கும் 35 மீட்டர். ஓடுறது 0.2 ஸ்கொயர் எம்எம் வயர், இன்டர்நெட் கேபிளுக்குள்ள இருக்குற ஒரு ஜோடி மாதிரி ஒல்லி. கேமரா முனையில பின்னை கழட்டி வச்சு அளந்தா சரியா 12 வோல்ட் காட்டுது. நண்பரும் இதைத்தான் முன்னாடியே அளந்து பாத்து "வயர்ல ஒண்ணும் இல்லப்பா"ன்னு சொல்லியிருக்கார். எல்லாரும் ஏமாறுற இடம் இதுதான். கரண்ட் ஓடாத வயர்ல வோல்டேஜ் குறையவே குறையாது, தலைமுடி மாதிரி ஒல்லியா ஒரு கம்பி இருந்தாலும் மீட்டர் 12ன்னு தான் காட்டும். கேமராவை மாட்டி அது ஓடிட்டு இருக்கும்போது அதே முனையில அளக்கணும்.

அப்படி அளந்தப்ப பகல்லயே 10.6 தான் இருந்துச்சு. அப்புறம் கேமரா முகத்தை ஒரு கருப்புத் துணியால மூடினேன், ராத்திரின்னு நெனச்சுக்கிட்டு இருட்டுல பாக்குறதுக்கான ஐஆர் லைட்டை போட்டுச்சு, மீட்டர் 8.4க்கு இறங்குச்சு, கேமரா செத்துச்சு. செத்ததும் கரண்ட் இழுக்கல, வோல்டேஜ் மேல ஏறுது, கேமரா பூட் ஆகுது, இருட்டா இருக்கேன்னு ஐஆரை போடுது, திரும்ப சாவு. ராத்திரி பூரா நடந்தது இதுதான்.

கணக்கு இப்படி. 0.2 ஸ்கொயர் செம்பு வயர் ஒரு மீட்டருக்கு 0.086 ஓம் வரும். 35 மீட்டர்னா 35ஆல பெருக்கிடாதீங்க, கரண்ட் போகவும் வேணும் திரும்பி வரவும் வேணும், ஆக 70 மீட்டர், 6 ஓம். போற வயரை மட்டும் கணக்குல எடுத்துட்டு திரும்புற வயரை மறந்துட்டு பாதி வோல்டேஜ் டிராப் தான்னு நிம்மதியா இருக்குறவங்களை நான் நிறைய பாத்திருக்கேன். சரி, ஐஆர் போட்டா கேமரா 5 வாட், 12 வோல்ட்டுக்கு 0.42 ஆம்ப், 6 ஓம்ல 2.5 வோல்ட் போயிடும், மிச்சம் 9.5 வரணும். ஆனா மீட்டர் 8.4 காட்டுச்சே?

கேமராவுக்குள்ள ஒரு சின்ன கன்வெர்ட்டர் இருக்கு, வெளிய என்ன வோல்டேஜ் வந்தாலும் உள்ள தேவையான வாட்டை அது இழுத்தே தீரும். வோல்டேஜ் குறைஞ்சா கரண்ட்டை கூட்டி இழுக்கும், கரண்ட் கூடினா வயர்ல டிராப் கூடும், வோல்டேஜ் இன்னும் குறையும், இன்னும் கூட்டி இழுக்கும். இந்த கேமராவுல அது 0.59 ஆம்ப், 8.4 வோல்ட்ல போய் நின்னுச்சு. இதே 6 ஓம் வயர்ல அந்தக் கேமரா 6 வாட்டுக்கு மேல கேட்டிருந்தா எங்கயும் நிக்காம அப்படியே சரிஞ்சிருக்கும், ஏன்னா 12 வோல்ட்ல அந்த வயர் வழியா 6 வாட்டுக்கு மேல கடைசி முனைக்கு கொண்டு போகவே முடியாது. 5 ஆம்ப் அடாப்டர் என்ன, 50 ஆம்ப் அடாப்டர் போட்டாலும் அதே தான். ஆம்ப் ரேட்டிங்ங்கறது அடாப்டரால எவ்வளவு குடுக்க முடியும்ங்கறது, தள்ளுற வேலை வோல்டேஜோடது, அது ரெண்டுலயும் 12 தானே.

இதே டிராப் எல்இடி ஸ்ட்ரிப்புக்கும் உண்டு, ஆனா அது கேமரா மாதிரி சண்டை போடாது, சத்தமில்லாம மங்கிடும், அதனாலயே யாரும் கண்டுக்கறதில்ல. 12 வோல்ட் வெள்ளை ஸ்ட்ரிப்ல மூணு எல்இடி ஒரு ரெசிஸ்டர்னு வரிசையா இருக்கும். மூணு எல்இடி சேந்து 9 வோல்ட்டுக்கு கொஞ்சம் மேல எடுத்துக்கும், மிச்சம் இருக்குற ரெண்டரை சொச்சம் தான் ரெசிஸ்டருக்கு, வெளிச்சத்தை முடிவு பண்றது அந்த மிச்சம். அதனால 1 வோல்ட் போச்சுன்னா 8 சதவீதம் தானேன்னு நெனைக்காதீங்க, எல்இடி கரண்ட்ல மூணுல ஒரு பங்கு போயிடும். ஆர்ஜிபி ஸ்ட்ரிப்னா இன்னும் வேடிக்கை, நீலத்துக்கும் பச்சைக்கும் கூட வோல்டேஜ் வேணும், சிவப்புக்கு கம்மி போதும், அதனால வெள்ளை வச்சா கடைசி முனை செவந்து போயிருக்கும். அங்க நீங்க எவ்வளவு தடி வயர் கொண்டு வந்து குடுத்தாலும் ஸ்ட்ரிப்புக்குள்ள ஓடுற செம்புத் தகடு ஒல்லி தான், 5 மீட்டர் தாண்டினா ரெண்டு முனையிலயும் சப்ளை குடுத்துடுங்க.

நண்பர் கேமராவுக்கு வருவோம். நேர் வழி தடி வயர். 0.75 ஸ்கொயர் போட்டா போக வர சேத்து 1.8 ஓம், ஐஆர் ஓடும்போதே 11.2 வந்துடும். 1 ஸ்கொயர்னா 11.4. 0.75ல இருந்து 1க்கு போறதுல பெருசா லாபம் இல்லன்னு இதுலயே தெரியுது பாருங்க. ஆனா வாங்கும்போது ஒரு இழையை பிளேடால சுரண்டி பாத்துடுங்க, உள்ள வெள்ளையா இருந்தா அது அலுமினியத்துக்கு செம்பு பூசினது, ஓம் ஒன்றரை மடங்கு வரும், மேல போட்ட கணக்கெல்லாம் அதுக்கு செல்லாது.

சிலர் பல கேமராவுக்கு சேத்து கரண்ட் குடுக்குற எஸ்எம்பிஎஸ் சப்ளைல இருக்குற திருகை திருப்பி 14 வோல்ட்டுக்கு ஏத்திடுவாங்க. கடைசி கேமரா பொழச்சுக்கும் சரி, அதே சப்ளைல பக்கத்துலயே இருக்குற கேமரா மொத்த 14ஐயும் வாங்கி முழுங்குமே, அது தாங்குமான்னு லேபிளை பாத்துட்டா திருப்புறீங்க? எனக்கு இந்த வைத்தியம் பிடிக்கல.

அவர் வீட்டுல வயர் சுவத்துக்குள்ள பைப்ல போகுது, பைப் எங்கயோ நசுங்கியிருக்கு, புது வயர் இழுக்க முடியல. அதனால அடாப்டரை 24 வோல்ட்டா மாத்திட்டு, கேமரா பக்கத்துல வோல்டேஜை குறைக்கிற சின்ன பக் கன்வெர்ட்டர் ஒண்ணு வச்சு அங்க 12 ஆக்கினோம். அதே ஒல்லி வயர், அதே 6 ஓம், இப்ப ஓடுறது கால் ஆம்ப் சொச்சம் தான், 24ல ஒன்றரை வோல்ட் சொச்சம் போகுது, முனையில 22க்கு மேல இருக்கு. துணி போட்டு மூடினேன், ஐஆர் எரிஞ்சுது, கன்வெர்ட்டருக்கு அப்புறம் 12 அப்படியே நின்னுச்சு.

இதை செய்றவங்க ஒண்ணு மட்டும் கவனிங்க, அந்தக் கன்வெர்ட்டர் பெட்டியில இருந்து வரும்போது அவுட்புட் எங்க திருப்பி வச்சிருக்கும்னு சொல்ல முடியாது, கேமராவை மாட்டாம முதல்ல மீட்டர் வச்சு 12க்கு கொண்டு வந்துட்டு, அதுக்கப்புறம் மாட்டுங்க, வெளியில இருந்தா தண்ணி போகாத டப்பாவுக்குள்ள வைங்க.