உண்மை விளக்கம்: படகுக் கயிறும் கட்டுத்தூணும்

"தூணில் 3 சுற்று சுற்றினால் 3 மடங்கு பிடிக்கும். தூண் பருமனாக இருந்தால் இன்னும் பலம்."

இரண்டுமே தவறு. சுற்றுகள் கூட்டப்படுவதில்லை, பெருக்கப்படுகின்றன. முதல் சுற்றின் உராய்வு இழுவிசையைக் குறைத்து அனுப்பும்; குறைந்ததை அடுத்த சுற்று மேலும் குறைக்கும். உராய்வுக் குணகம் 0.3 என்றால் ஒரு சுற்றுக்குச் சுமார் ஆறரை மடங்கு. கையில் 5 கிலோ இழுப்பு போதும்: ஒரு சுற்று 33 கிலோவைத் தாங்கும், இரண்டு 217, மூன்று 1,400க்கும் மேல்!

தூணின் பருமன் இந்தக் கணக்கில் வராது. சுற்றிய கோணம்தான் முக்கியம். ஆனால் ஈரத்தில் வழுக்கி உராய்வு பாதியானால், அதே மூன்று சுற்று 85 கிலோவைத்தான் தாங்கும். இழுப்பு அதைத் தாண்டினால் கயிறு தூணில் மெல்ல ஊர்வது கண்ணுக்கே தெரியும். உடனே இன்னொரு சுற்று போடுங்கள். அப்புறம், கையில் பிடித்திருக்கும் கயிற்று நுனியை முழுதாக விட்டுவிடாதீர்கள்: பூஜ்ஜியத்தை எத்தனை மடங்காக்கினாலும் பூஜ்ஜியம்தான்.